சுட்டது யாரு?

பேச்சியக்காவின் கண்ணாடிப் பெட்டியில் ஒரு வெள்ளி மோதிரம் கிடக்கிறது. நடுவில் மஞ்சள் கல், இரண்டு பக்கமும் பொடிசாய் இரண்டு சிவப்புக் கல். சிவப்பில் ஒன்று விரிசல் விட்டிருக்கிறது. வாங்க ஆள் வந்தாலும் அக்கா அதை விற்பதில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் பாதிக் கதை சொல்வதற்குள் அவளுக்குக் கோபத்தில் மூச்சு வாங்கிவிடும். மீதியை நான் சொல்வேன். எனக்கு மட்டும் என்ன, கோபம் ஆறிக் கிடக்கிறதா? முழுசையும் இன்றைக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

நான் நாகலெட்சுமி. இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவை பசாரில் வளையலும் ரிப்பனும் பொட்டும் விற்கிறேன். என் கடை வாசலின் இடது பக்கம் பேச்சியக்காவின் மேசை. கண்ணாடி மூடிய பெட்டி ஒன்று, அதற்குள் பஞ்சு, பஞ்சின் மேல் கற்கள். ஊதா நிறத்தில் செவ்வந்திக்கல், மஞ்சளில் சிட்ரின், கருஞ்சிவப்பில் கார்னட். மாணிக்கமும் நீலமும் அவளிடம் கிடையாது. தேயிலைக் கொழுந்து பறிக்கிற கைக்கு எட்டுகிற கல் மட்டும்தான் வைத்திருப்பேன் என்பாள். ஒவ்வொரு குவியலுக்கும் பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில் இருந்த காகிதத்தில் ஒரே ஒரு சொல்: "சுட்டது".

அந்தச் சொல்லால் அவள் பட்ட கேலி கொஞ்சமல்ல. "என்னக்கா, எங்க சுட்டீங்க? போலீசுக்குத் தெரியுமா?" என்று பஸ் ஸ்டாண்டில் நிற்கிற இளசுகள் கேட்கும். சுடுவது என்றால் இப்போது பிள்ளைகளுக்குத் திருடுவதுதானே! "உங்க அப்பன் சட்டப்பைல சுட்டதுடா, போடா" என்று அக்கா திருப்பிக் கொடுப்பாள். ஆனால் காகிதத்தை மாற்ற மாட்டாள்.

"அதை எடுத்துருங்கக்கா. மத்தவங்க எல்லாம் கோல்டன் டோபாஸுன்னு விக்கிறாங்க. சில பேரு கனக புஷ்பராகம்னே சொல்லித் தலையில கட்டுறாங்க. நீங்க மட்டும் சுட்டது சுட்டதுன்னு எழுதிவெச்சா எவ வாங்குவா?" என்று நானே சண்டை போட்டிருக்கிறேன்.

"சுட்ட கல்லைச் சுட்டதுன்னுதாண்டி எழுதணும். இது முன்னாடி செவ்வந்தி. நெருப்புல வெச்சதும் மஞ்சளாயிருச்சு. கல்லு நல்ல கல்லுதான், நெறமும் போகாது. வெயில்ல வெச்சாக்கூட நிக்கும். பேரைத்தான் மாத்தக் கூடாது."

அவளுக்கு இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இருபது வருசம் மலையில் கொழுந்து பறித்தவள் அவள். இடுப்பு விட்டுப்போய் வேலையை விட்டபோது, ஆற்றோரம் மாணிக்கக் குழி தோண்டுகிற ஆட்களிடம் போய் நின்றாள். குழிக்குப் பக்கத்தில் பொம்பளை வரக்கூடாதாம், தீட்டாம். தூரத்தில் நிற்க வைத்தார்கள். அவர்கள் நீலமும் மாணிக்கமும் தேடிச் சரளையை அலசிவிட்டு, கார்னட் கிடைத்தால் குப்பை என்று வீசினார்கள். அக்கா அந்தக் குப்பையைத்தான் பொறுக்கினாள். இரத்தினபுரியில் ஒரு பட்டறையில் கொடுத்துத் தீட்டி வாங்கினாள். அப்படித் தொடங்கியதுதான் இந்த மேசை. பிறகு ஒரு வியாபாரி, அடர்த்தியான மஞ்சளில் கொஞ்சம் சிவப்போடிய கல் ஒரு பொட்டலத்தைப் புஷ்பராகம் என்று சத்தியம் பண்ணி அவளுக்கு விற்றான். இரத்தினபுரியில் காட்டியபோது பட்டறைக்காரன் சிரித்துவிட்டு, செவ்வந்தியை மணலில் புதைத்து உலையில் வைத்து எடுப்பதை அவள் கண் முன்னாலேயே செய்து காட்டினான். ஊதாவாக உள்ளே போனது மஞ்சளாக வெளியே வந்தது. ஏமாந்த ஆத்திரத்தில் ஊர் திரும்பி அவள் முதலில் எழுதியது அந்தக் காகிதம்.

இனி மோதிரத்துக்கு வருகிறேன்.

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவரின் மனைவி லோகநாயகி. தோட்டத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். அவள் மகன் தனுஷனுக்குக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. அவனுக்கு அதே தோட்டத்து வினோதாவைப் பேசி முடித்திருந்தார்கள். வினோதா தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலை செய்கிறவள். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். அரைஞாணும் கைவளையும் போட்ட குழந்தைகள். ஒரு மணி தங்கம் இதுவரை காணாமல் போனதில்லை.

பெண்ணுக்குக் கும்ப ராசி, சனி அதிபதி, நீலக்கல் போட்டால் நல்லது என்று சாத்திரக்காரர் சொல்லிவிட்டார். நீலம் வாங்கினால் கல்யாணத்தை வட்டிக்குத்தான் நடத்த வேண்டும். ஏழைக்கு நீலத்துக்குப் பதில் செவ்வந்தி. அதை வாங்கத்தான் லோகநாயகி அக்காவின் மேசைக்கு வந்தாள். பக்கத்தில் இரண்டு சிவப்பு வேண்டும் என்றும் அவளேதான் கேட்டாள், அழகுக்காக.

அக்கா ஒரு கல்லை எடுத்து லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். "உள்ள பாருங்கம்மா. அணில் முதுகு மாதிரி மூணு கோடு ஓடுது. கல்லோட பொறப்புலயே உள்ளது. பின்னாடி கல்லுல கோடுன்னு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க. இன்னொன்னு, இது நெருப்புக்கு ஆகாது. மோதிரத்தை எதாவது பண்ணணும்னா கல்லைக் கழட்டிட்டுத்தான் பண்ணணும்."

"எல்லாம் எங்களுக்குத் தெரியும்" என்றாள் லோகநாயகி. லென்ஸில் பார்க்கவும் இல்லை. மூன்று கல்லையும் வெள்ளியில் பதிக்க வைத்து மோதிரமாகவே அக்கா கொடுத்தாள்.

நிச்சயத்தன்று மோதிரம் வினோதாவின் விரலில் நிற்கவில்லை, வழுகி வழுகி விழுந்தது. பசாரில் நகைக்கடை வைத்திருக்கிற சுதாகரன் ஆசாரி லோகநாயகிக்கு ஏதோ ஒன்றுவிட்ட உறவு. "அவன்கிட்ட குடு, சின்னதாக்கித் தருவான்" என்று சொன்னதே லோகநாயகிதான். நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சொன்னது அவள்.

வினோதா கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் வாங்கப் போனாள். கரண்டும் இல்லை. கடைசி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்கிறது. சுதாகரன் ஒரு சின்னக் காகித உறையை ஸ்டேப்ளர் அடித்துக் கையில் வைத்தான். "எல்லாம் சரி தங்கச்சி, ஓடுங்க, பஸ்ஸு போயிரும்" என்றான். எவ்வளவு அக்கறை பாருங்கள்! அவள் ஓடினாள். தோட்டத்து லய வீட்டுக்குப் போய் விளக்கு வெளிச்சத்தில் பிரித்தால் உள்ளே மஞ்சள் கல்.

மறுநாள் காலையிலேயே அவனிடம் போய் நின்றாள். சுதாகரன் மோதிரத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "நான் குடுக்கும்போது ஊதாதான். என் கடையை விட்டுப் போனதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சோ எனக்குத் தெரியாது" என்றான். ஒரு ஈவு இரக்கம் வேண்டாமா மனுசனுக்கு?

செய்தி அவளுக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்விட்டது. அன்று மத்தியானமே லோகநாயகி, வினோதாவைப் பிடித்து இழுக்காத குறையாகப் பசாருக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் நாலைந்து பேர் வேடிக்கைக்கு. மோதிரத்தை அக்காவின் கண்ணாடிப் பெட்டி மேல் டக்கென்று வைத்தாள்.

"பேச்சி, இது நீ எங்களுக்கு வித்த கல்லா?"

அக்கா அப்போது வேறு ஒருத்திக்குக் கம்மல் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பார்வைதான் பார்த்தாள். "இது ஏங் கல்லு இல்லம்மா. நான் குடுத்தது செவ்வந்தி. இது சிட்ரின்."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது லோகநாயகிக்கு.

"கேட்டீங்களா? வித்தவளே சொல்லிட்டா. கல்லைச் சுட்டுட்டு ஏதோ மஞ்சக் கல்லை வெச்சுட்டா. இன்னும் வீட்டுக்குள்ள காலே வைக்கல, அதுக்குள்ள சுட்டுட்டா!"

வினோதா அழவில்லை. "அத்தை, நான் எடுக்கல" என்று ஒரு தடவை சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை. அவள் என் கடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லோகநாயகி மோதிரத்தைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

அடுத்த நாள் பிள்ளைமடுவத்தில் பாதித் தொட்டில் காலி. இரண்டு தாய்மார் குழந்தையின் அரைஞாணைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் விட்டுப் போனார்களாம். ஒருத்தி அவள் கண் முன்னாலேயே வளையலைக் கழற்றினாளாம். அந்தப் பிள்ளையின் பீயும் மூத்திரமும் இரண்டு வருசமாகக் கழுவியவள் வினோதா. தோட்டத்து ஐயாவிடமும் ஒரு புகார் போயிருந்தது. நம்பிக்கை இல்லாத ஆளைப் பிள்ளைகளிடம் விட முடியாது என்று. கல்யாணம் போனால் போகட்டும். திருடி என்ற பேரோடு அந்தத் தோட்டத்தில் ஒரு பெண் எப்படி நடமாடுவாள்? தனுஷனாவது ஒரு வார்த்தை பேசுவான் என்று பார்த்தால், போனில் அவன் சொன்னது: "அம்மா சொல்றதுலயும் ஞாயம் இருக்குல்ல?" தூத்தேறி! அவன் முகத்தில் நான் துப்பாமல் இருந்தது அவன் கொழும்பில் இருந்ததால்தான்.

அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கடையைத் திறக்கும்போதே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நாகு, ஒண்ணு யோசிச்சுப் பாரு. ஒருத்தி கல்லைத் திருடணும்னா ஊதாவை எடுத்துட்டு இன்னொரு ஊதாவை வைப்பாளா, மஞ்சளை வைப்பாளா? என்கிட்டயே மலிவா ஊதா கெடக்கே. எந்த மடச்சி வேற கலர்ல வைப்பா?"

"அன்னைக்கே இதை யோசிச்சிருக்கலாமேக்கா."

"வாயில அடிச்சுக்கணும் போல இருக்குடி. வா, அந்தம்மா வீட்டுக்குப் போவோம்."

போனோம். லோகநாயகி எங்களை உள்ளே உட்காரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியேதான் மோதிரத்தைக் கொடுத்தாள். அக்கா அதை லென்ஸுக்குக் கீழே பிடித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் காது மடல் சிவந்தது.

"மூணு கோடு" என்றாள். "நாகு, அணில் முதுகுக் கோடு. ஏங் கல்லுதான். ஐயோ, ஏங் கல்லேதான்! நானே இல்லன்னு சொல்லி அந்தப் புள்ளையக் கொன்னுட்டேனே!"

லென்ஸை என்னிடம் தந்தாள். மஞ்சளுக்குள் மூன்று கோடும் அச்சாக இருந்தன. பக்கத்துச் சிவப்புக் கல்லில் ஒன்று மயிரிழையாக விரிசல் விட்டிருந்தது. நிறம் மட்டும் மாறவில்லை. அடியில் வெள்ளி கருத்துப்போயிருந்தது, பற்றவைத்த இடம் அரைகுறையாகத் தேய்த்துத் துடைத்திருந்தது.

"கார்னட்டு நெறம் மாறாது, ஆனா திடீர்னு சூடு பட்டா விரிசல் விடும். செவ்வந்தி மஞ்சளாகும். ரெண்டும் ஒரே நெருப்புல பட்டிருக்கு. அவன் கல்லைக் கழட்டாமயே மோதிரத்தை அறுத்துப் பத்தவெச்சிருக்கான். வெள்ளி சூட்டைக் கடத்துற கடத்துல முழு மோதிரமும் கொதிச்சிருக்கும். சோம்பேறி நாயி! கழட்டி மாட்டுற வேலைக்குச் சோம்பல்பட்டு ஒரு பொண்ணு பேரைப் பத்தவெச்சுட்டான்."

லோகநாயகிக்கு இது பிடிக்கவில்லை. "நீ வித்த கல்லு மட்டம்னு ஒத்துக்கோ பேச்சி. சுதாகரனை எதுக்கு இழுக்குற? கல்லாவது நெறம் மாறுறதாவது!"

"மாறும்மா. வாங்க, அவன் நெருப்புலயே மாத்திக் காட்டுறேன். வரலன்னா, அந்தப் புள்ள திருடலைன்னு நீங்களே ஊருக்குச் சொல்லுங்க."

லோகநாயகிக்கு வராமல் இருக்க முடியவில்லை. வினோதாவையும் ஆள் விட்டுக் கூப்பிட்டோம். அந்த மோதிரக் கல்லை வெட்டிய அதே கட்டியில் மிஞ்சிய இரண்டு சில்லு அக்காவின் டப்பாவில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு சுதாகரன் கடைக்குள் போனாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, பசார் நிறைய ஆட்கள். மழைக்கு ஒதுங்கினவர்கள் எல்லாம் கடை வாசலில்தான் நின்றார்கள். நாங்களும் யாரையும் போகச் சொல்லவில்லை. திருடி என்று சொன்னபோது கூட்டம் வேண்டியிருந்ததல்லவா?

"சுதாகரா, உன் குமுட்டி அடுப்பைப் பத்தவை."

"எதுக்குக்கா?" என்றவன் முகம் வெளுத்துப்போனது.

"எதுக்குன்னு உனக்கு நல்லாத் தெரியும். வை."

அவன் கை போகவில்லை. நான்தான் கரி போட்டு விசிறினேன். அக்கா ஒரு சின்ன மண்கிண்ணத்தில் காய்ந்த மணலைக் கொட்டி, இரண்டு ஊதாச் சில்லையும் எல்லோருக்கும் காட்டிவிட்டு மணலுக்குள் புதைத்து, மேலே இன்னும் மணல் போட்டு மூடினாள். எடுத்த எடுப்பில் தணலில் வைக்கவில்லை. ஓரத்தில் வைத்து மெல்ல மெல்ல நடுவுக்குத் தள்ளினாள். "ஒரேயடியா வெச்சா வெடிச்சுரும். நானூறு ஐந்நூறு பாகை போகணும், மெதுவாப் போகணும், மெதுவா எறங்கணும்" என்று கூட்டத்துக்குச் சொன்னாள். சுதாகரன் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. சொன்னானா? வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்து போனது. ஒருத்தரும் நகரவில்லை. தணலை ஒதுக்கி, கிண்ணத்தை அப்படியே ஆற விட்டோம். லோகநாயகி இரண்டு தடவை "எனக்கு வேலை இருக்கு" என்றாள், இரண்டு தடவையும் அக்கா பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டாள். வினோதா என் பக்கத்தில் நின்றாள்.

கிண்ணம் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அக்கா மணலை ஒரு தட்டில் கவிழ்த்தாள். ஒரு சில்லு அழுக்கு வெள்ளையாகக் கலங்கிப்போயிருந்தது. கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "இருடா" என்று அதட்டிவிட்டு அக்கா இரண்டாவதைத் துடைத்துத் தூக்கிப் பிடித்தாள். மஞ்சள். மோதிரத்தில் இருந்த அதே மஞ்சள்.

"எல்லாச் செவ்வந்தியும் ஒரே மாதிரி மாறாது. ஒண்ணு வெளுக்கும், ஒண்ணு மஞ்சளாகும். இது மஞ்சளாயிருக்கு, கண்ணால பாத்துக்கங்க." மோதிரத்தையும் சில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். லென்ஸும் கை மாறிக்கொண்டே போனது. "அம்மா, நீங்க சொன்னது சரிதான். கல்லைச் சுட்டிருக்கு. சுட்டது யாருன்னு இப்பக் கேளுங்க."

எல்லோரும் சுதாகரனைப் பார்த்தார்கள். அவன் எழுந்தான். மன்னிப்புத்தான் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன், மடச்சி நான். அவன் இரண்டு கையையும் கூப்பி மேலே பார்த்தான்.

"அன்னைக்கே சொல்லணும்னுதான் இருந்தேன் அத்தை. பத்தவெக்கிறப்போ என் கண்ணு முன்னாலயே ஊதா மஞ்சளாச்சு. எனக்கே மேலெல்லாம் சிலிர்த்துப்போச்சு. ஊதா சனியோட நெறம், மஞ்சள் குருவோட நெறம். சனி விலகி குரு வந்துட்டாரு அத்தை. கல்யாணப் பொண்ணுக்கு இதை விட யோகம் வேணுமா? சொன்னா நம்ப மாட்டாங்கன்னுதான் பேசாம இருந்தேன்."

திருட்டுப் பழியில் ஒரு பெண்ணை மூன்று நாள் வேக வைத்துவிட்டு, குருவை இழுத்துக்கொண்டு வருகிறான் பாருங்கள்! அதை விடக் கொடுமை, லோகநாயகியின் முகம் மலர்ந்தது.

"அப்படிச் சொல்லு! நானும் அதைத்தான் நெனச்சேன். சாத்திரக்காரரு குரு பலம் வரும்னு சொன்னாரு, அப்பவே மனசுல பட்டுச்சு." கூட்டத்தில் இரண்டு கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தன், "அண்ணே, என்கிட்டயும் ஒரு ஊதாக் கல்லு இருக்கு, மாத்தித் தருவீங்களா?" என்று கேட்டே விட்டான். எல்லோரும் சிரித்தார்கள். முடிந்தது விசயம் என்று குடைகளை விரிக்கத் தொடங்கினார்கள்.

லோகநாயகி மோதிரத்தை எடுத்து வினோதாவின் கையைப் பிடித்தாள். "எல்லாம் நல்லதுக்குத்தாம்மா. போட்டுக்க. குரு உன்னைத் தேடி வந்திருக்காரு."

வினோதா கையை உருவிக்கொண்டாள்.

"குருவா வந்தாரு, அத்தை? நீங்க என்னைத் திருடின்னீங்களே, அப்ப எங்க போயிருந்தாரு?"

"ஏதோ கோவத்துல ஒரு வார்த்தை…"

"ஒரு வார்த்தையா? மூணு நாளா புள்ளைங்களைக் கூட என்கிட்ட விட பயப்படுறாங்க. இப்பக்கூட திருடலைன்னு சொல்ல உங்களுக்கு வாய் வரல. குரு வந்துட்டாருன்னுதான் வருது. அந்தக் கல்லை மறுபடி சுட்டா ஊதாவாகுமா பேச்சியக்கா?"

"ஆகாதும்மா" என்றாள் அக்கா. "எத்தனை தடவை நெருப்புல வெச்சாலும் அது ஆகாது."

"அப்ப நானும் ஆக மாட்டேன். இந்த மோதிரம் எனக்கு வேணாம். உங்க மகனும் வேணாம். குருவை நீங்களே வெச்சுக்கங்க."

மழைக்குள் இறங்கி நடந்தாள். குடைகூட எடுக்கவில்லை. நான் குடையை விரித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அவள் அழுதது பஸ்ஸில் ஏறிய பிறகுதான்.

லோகநாயகி அன்று பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தாள், மன்னிப்புக் கேட்க அல்ல. கல் கெட்டுப்போனது, காசைத் திருப்பித் தா என்று. அக்கா எண்ணி எடுத்துக் கொடுத்தாள். "எதுக்குக்கா குடுக்குறீங்க?" என்று நான் கத்தினேன். "குடுத்துட்டா மோதிரம் என்னுதுடி, அது பக்கத்துல நான் என்ன வேணா எழுதி வெப்பேன்" என்றாள்.

அப்படித்தான் அந்த மோதிரம் பெட்டிக்குள் வந்தது. பக்கத்தில் புதுக் காகிதம், பெரிய பெரிய எழுத்தில்:

"செவ்வந்திக்கல். சுட்டவர்: சுதாகரன் ஆசாரி. திருடியவர்: யாருமில்லை."

அடுத்த ஞாயிறே பசாரெல்லாம் படித்துவிட்டது. போட்டோ பிடித்து வாட்ஸப்பிலும் போட்டார்கள். பிள்ளைமடுவத்துத் தொட்டில்கள் மெல்ல மெல்ல நிறைந்தன. வளையல் கழற்றிய அந்தத் தாயும் ஒன்றுமே நடக்காத மாதிரிப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாள். என் கடைக்கு அவள் ரிப்பன் வாங்க வந்தால் நான் மீதிக் காசை மேசையில்தான் வைக்கிறேன், கையில் கொடுப்பதில்லை. லோகநாயகி பசாருக்கு வந்தால் எதிர்ப்பக்கம் போகிறாள். தனுஷனுக்கு வேறு பெண் பார்க்கிறார்களாம், குரு பலம் உள்ள பெண்ணாக.

சுதாகரன் போன மாதம் வந்து மேசைக்கு முன்னால் நின்றான். "அக்கா, அதை எடுத்துருங்க. எனக்கு யாவாரமே போச்சு" என்றான்.

"எடுக்குறேன்" என்றாள் அக்கா. "நீ போயி அவ லயத்து வாசல்ல நின்னு, நான்தான் சுட்டேன், நீ சுடலைன்னு நாலு பேரு கேக்கச் சொல்லிட்டு வா. அந்த நிமிசம் எடுத்துர்றேன்."

"எல்லாந்தான் தெரிஞ்சு போச்சே, இனி எதுக்கு…"

"போடா" என்றாள்.

அவன் போனான். தோட்டம் இருக்கிற பக்கம் அல்ல, கடை இருக்கிற பக்கம். காகிதம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. மழைச்சாரலில் எழுத்து மங்கினால் அக்கா பேனாவை எடுத்து அதன் மேலேயே அழுத்தி எழுதிவிடுகிறாள்.